கரு கலைந்த பின்: ஒரு மகளுக்கு டாக்டரம்மா எழுதிய கடிதம்

(நமது அறக்கட்டளையின் மாதாந்திர இலவச மருத்துவ ஆலோசனைக்கு வந்த ஒரு சகோதரிக்கு, அங்கே சேவை செய்யும் மகப்பேறு மருத்துவர் எழுதிய கடிதம் இது. சகோதரியின் சம்மதத்துடன், அவரை அடையாளம் காட்டும் விவரங்களை மாற்றி வெளியிடுகிறோம். தேதிகளும் மாற்றப்பட்டவைதான்; ஆனால் நாட்களின் இடைவெளி அப்படியே இருக்கிறது. அந்த இடைவெளி ஏன் முக்கியம் என்பது படித்தால் புரியும்.)

அன்பு மகளுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

சென்ற புதன்கிழமை உன் மாமியோடு வந்திருந்தாய். நான் கேட்டதற்கெல்லாம் மாமிதான் பதில் சொன்னார்கள். நீ புர்காவின் ஓரத்தைத் திருகிக்கொண்டு குனிந்தே இருந்தாய். மருந்துச் சீட்டுக்கு அடியில் நீ மடித்து வைத்துவிட்டுப் போன துண்டுக் காகிதத்தை இரவு வீட்டுக்கு வந்த பிறகுதான் பார்த்தேன். நான்கு கேள்விகள் எழுதியிருந்தாய். சாச்சி வீட்டுக்குப் பஸ்ஸில் போனதால்தான் பிள்ளை போச்சா? நாங்கள் ஒன்றும் செய்யாமலே ஏன் 'அபார்ஷன்' என்று எழுதினார்கள்? இரண்டு வாரம் ஆகியும் ஏன் இன்னும் படுகிறது? மறுபடி எப்போது?

இந்த நான்கையும் வாயால் சொன்னால் பாதிதான் நினைவில் நிற்கும். அதனால்தான் எழுதுகிறேன். உன் கணவரும் மாமியும் இதைப் படிக்கலாம். படித்தால் நல்லது.

முதல் கேள்விக்கு உன் ஸ்கேன் தாளிலேயே பதில் இருக்கிறது. அதை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படி. உன் கடைசி மாதவிலக்கின் முதல் நாள் ஜூன் 1. கர்ப்பத்தை அந்த நாளிலிருந்துதான் எண்ணுவோம். ஆகஸ்ட் 3, ஞாயிற்றுக்கிழமை நீ கடையநல்லூருக்குப் பஸ்ஸில் போனாய். அன்று உனக்குச் சரியாக 9 வாரம். ஆகஸ்ட் 5 மாலை உள்ளாடையில் பழுப்பு நிறமாகப் பட்டது. 6ஆம் தேதி ஸ்கேன் எடுத்தார்கள். அன்று 9 வாரம் 3 நாள்.

அந்தத் தாளில் 'சி.ஆர்.எல்.' என்று ஓர் அளவு இருக்கும். கருவின் தலையிலிருந்து புட்டம் வரை உள்ள நீளம் அது. 9 வாரம் 3 நாளில் அது ஏறத்தாழ இரண்டரை சென்டிமீட்டர் இருக்க வேண்டும். உன் தாளில் 11 மில்லிமீட்டர் என்று இருக்கிறது. அது 7 வாரம் 2 நாள் கருவின் அளவு. துடிப்பும் இல்லை. நாளைக் கணக்கிட்டுப் பார்: ஜூன் 1லிருந்து 7 வாரம் 2 நாள் என்பது ஜூலை 22. நீ பஸ் ஏறியது அதற்குப் பன்னிரண்டு நாள் கழித்து.

சில கருக்கள் தொடக்கத்திலிருந்தே மெதுவாக வளரும். அதனால் நின்ற நாள் ஜூலை 22தான் என்று விரல் வைத்துச் சொல்ல மாட்டேன். சில நாள் முன்பின் ஆகலாம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை பஸ் குலுங்கி, புதன்கிழமைக்குள் இரண்டரை சென்டிமீட்டர் பிள்ளை 11 மில்லிமீட்டராகச் சுருங்காது. நீ பயணம் போகும் முன்பே அதன் வளர்ச்சி தடைபட்டிருந்தது.

பிறகு ஏன் பயணம் முடிந்து வந்ததும் பட்டது? கரு நின்ற அன்றே கர்ப்பப்பைக்குத் தெரிந்துவிடுவதில்லை. நஞ்சாக மாற வேண்டிய திசு இன்னும் சில நாள், சில சமயம் இரண்டு மூன்று வாரம் கூட, கர்ப்பத்தைக் காக்கும் ஹார்மோனைச் சுரந்துகொண்டிருக்கும். அது குறைந்த பிறகுதான் உள்சுவர் உரியத் தொடங்கும், இரத்தம் வெளியே தெரியும். அந்தச் சமயத்தில் நீ பயணம் போயிருந்தால் பழி பயணத்தின் மேல் விழும். குடம் தூக்கியிருந்தால் குடத்தின் மேல் விழும். நாற்பது வருடமாக இதைப் பார்க்கிறேன். பெண்கள் இரத்தம் கண்ட நாளிலிருந்து இரண்டு நாள் பின்னோக்கிப் போய், அங்கே என்ன கிடைக்கிறதோ அதைக் காரணமாகப் பிடித்துக்கொள்கிறார்கள். மாடிப்படி, ஸ்கூட்டர், பப்பாளித் துண்டு, மாமியாரோடு வாய்ச்சண்டை, கணவரோடு சேர்ந்திருந்தது, அழுதது, பயந்தது. நல்ல நிலையில் உள்ள ஒன்பது வாரக் கருவை இவற்றில் எதுவும் கீழே தள்ளிவிடாது.

அப்படியானால் எதனால்? உன் கருவை எடுத்து யாரும் பரிசோதிக்கவில்லை. அதனால் உன் விஷயத்தில் இதுதான் என்று சத்தியம் செய்ய முடியாது. ஆனால் மூன்று மாதத்துக்குள் கலைகிற கருக்களைப் பரிசோதித்துப் பார்த்த இடங்களில் எல்லாம் பாதி அல்லது அதற்கு மேற்பட்டவற்றில் ஒரே காரணம்தான் தெரிந்திருக்கிறது: குரோமோசோம் எண்ணிக்கை தவறியிருக்கும். நம் உடலின் ஒவ்வொரு செல்லிலும் 46 குரோமோசோம்கள் இருக்கின்றன. தாயின் முட்டையிலிருந்து 23, தகப்பனின் விந்தணுவிலிருந்து 23. முட்டை முதிரும்போது 46 இரண்டாகப் பிரிந்து 23 ஆக வேண்டும். நீ பீடிக் கட்டு கட்டுகிறவள், உனக்கு இது எளிதாகப் புரியும். கட்டுக்கு 25 என்று எண்ணி எண்ணிக் கட்டினாலும், எப்போதாவது ஒரு கட்டில் 24ம் அடுத்ததில் 26ம் விழுந்துவிடும். அதுபோல ஒரு முட்டையில் 24 விழுந்துவிட்டால் கருவில் 47 ஆகிவிடும். 16ஆம் குரோமோசோம் மூன்றாக இருப்பது கலைந்த கருக்களில் அடிக்கடி காணப்படுகிற ஒன்று. உடலெங்கும் அப்படி உள்ள கரு ஒன்றுகூட உயிரோடு பிறப்பதில்லை. இது கருத்தரித்த அன்றே முடிவாகிவிடுகிற விஷயம். அதன் பிறகு நீ படுத்தே கிடந்திருந்தாலும், கர்ப்பம் நிற்க ஊசி போட்டிருந்தாலும், முடிவு மாறியிருக்காது.

இந்தப் பிழை குடும்பத்தில் வருகிற நோய் இல்லை. அந்த ஒரு முட்டையில், அல்லது அந்த ஒரு விந்தணுவில் நேர்ந்தது. அடுத்த மாதத்து முட்டை வேறு. வயது ஏற ஏற இந்தப் பிழை கூடும். உனக்கு 26தான் ஆகிறது. கர்ப்பம் என்று தெரிந்த பெண்களில் ஐந்தாறு பேரில் ஒருவருக்கு இப்படி ஆகிறது. உங்கள் தெருவில் எத்தனை வீடு என்று எண்ணிப் பார். வெளியே சொல்லாததால்தான் உனக்கு மட்டும் நடந்தது போலத் தோன்றுகிறது.

உன் மாமி கேட்டார்களே, சொந்தத்தில் கட்டியதாலா என்று. நீ மாமா மகனைக் கட்டியிருக்கிறாய். நெருங்கிய சொந்தத்தில் கட்டினால், இரண்டு பக்கமும் மறைந்திருக்கும் ஒரே குறை பிள்ளையில் சேர்ந்து வெளிப்படும் வாய்ப்பு கொஞ்சம் கூடுகிறது, அது உண்மை. ஆனால் முதல் முறை ஏழு வாரத்தில் நின்ற ஒரு கருவுக்கு அதுதான் காரணம் என்று சொல்ல ஆதாரம் இல்லை. குடும்பத்தில் பிறவிக் குறையுள்ள பிள்ளை, காது கேளாத பிள்ளை, சிறு வயதில் இறந்த பிள்ளை யாராவது இருந்தால் அடுத்த முறை வரும்போது சொல். அப்போது அதைத் தனியாகப் பேசுவோம்.

பீடி விஷயத்தை நான் எழுப்பாமல் விடக் கூடாது. புகையிலைத் தூளில் உள்ள நிகோட்டின் மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும் உடம்பில் சேருகிறது. அதுதான் இந்தக் கருவைக் கெடுத்தது என்று சொல்ல மாட்டேன், சொல்லவும் முடியாது. ஆனால் அடுத்த கர்ப்பத்துக்கு அது நல்லதில்லை. முடிந்தால் கர்ப்பத்துக்கு முயற்சி செய்யும் மாதத்திலிருந்தே தட்டை இறக்கி வைத்துவிடு. வீட்டு நிலைமை அதற்கு இடம் தராவிட்டால், படுக்கும் அறையிலும் அடுப்படியிலும் சுற்றாமல் காற்றோட்டமான முற்றத்தில் உட்கார், தூளைக் கிளப்பாதே, சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவு. இன்னொன்று உன் கணவருக்கு: அவர் வீட்டுக்குள் சிகரெட் பிடிப்பதாக மாமி வாய்தவறிச் சொன்னார்கள். பக்கத்தில் இருப்பவர் விடும் புகையும் கருவுக்குக் கேடு. கருச்சிதைவு என்றதும் எல்லோரும் பெண்ணின் சாப்பாட்டையும் நடையையும்தான் விசாரிக்கிறார்கள். ஆணிடம் ஒரு வார்த்தை கேட்பவர் யாரையும் நான் பார்த்ததில்லை.

இரண்டாவது கேள்வி. உன் டிஸ்சார்ஜ் சம்மரியில் 'மிஸ்டு அபார்ஷன்' என்று இருக்கிறது. அதைப் படித்த உன் நாத்தனார், நீயே கலைத்துவிட்டாயோ என்று கேட்டதாக எழுதியிருக்கிறாய். மருத்துவத்தில் இருபது வாரத்துக்கு முன் கர்ப்பம் முடிந்துபோனால், தானாக முடிந்தாலும் அபார்ஷன் என்றே எழுதும் பழைய வழக்கம் உண்டு. 'மிஸ்டு அபார்ஷன்' என்றால் கரு உள்ளே நின்றுவிட்டது, உடம்பு இன்னும் அதை வெளியேற்றவில்லை என்று பொருள். பிறகு கொடுத்த மாத்திரை உயிருள்ள கருவைக் கலைக்கக் கொடுத்ததில்லை. உயிர் நின்றுபோனதைப் பத்திரமாக வெளியேற்றக் கொடுத்தது. துடிப்பு இல்லை என்று ஸ்கேனில் உறுதியான பிறகுதான் கொடுத்தார்கள். ஏழு மில்லிமீட்டருக்கு மேல் உள்ள கருவில் துடிப்பு இல்லாவிட்டால்தான் அப்படி உறுதி சொல்வோம், உன்னுடையது பதினொன்று. இந்தப் பத்தியை அப்படியே உன் நாத்தனாரிடம் காட்டு.

மூன்றாவது, உடம்பு. மாத்திரை வைத்த அன்று நான்கைந்து மணி நேரம் கட்டி கட்டியாகப் போய், பிறகு குறைந்தது என்றாய். அதுதான் வழக்கம். அதன் பிறகு மாதவிலக்கின் கடைசி நாட்களைப் போலக் கொஞ்சமாக இரண்டு வாரம் வரை படலாம். விட்டு விட்டுப் பழுப்பாக மூன்று வாரம் வரை தொடர்வதும் உண்டு. நீ நடந்தாலோ வீட்டு வேலை செய்தாலோ அன்று சற்றுக் கூடும். புதன்கிழமை எடுத்த ஸ்கேனில் கர்ப்பப்பை காலியாக இருக்கிறது. உள்ளே சிறிது இரத்தக் கசிவு மட்டும் தெரிகிறது. அது அடுத்த மாதவிலக்கோடு போய்விடும்.

ஆகவே 'க்ளீனிங்' வேண்டாம். உன் மாமி மூன்று தடவை கேட்டார்கள், ஒரு தடவை சுத்தம் செய்துவிட்டால் நல்லதில்லையா என்று. தேவைப்படும்போது அது நல்ல சிகிச்சைதான். அதிகம் போனால், திசு மிச்சம் தங்கி நோவோ காய்ச்சலோ வந்தால் செய்தே ஆக வேண்டும். தேவை இல்லாமல் உள்சுவரைச் சுரண்டினால் சிலருக்கு அங்கே தழும்பு விழுந்து ஒட்டிக்கொள்ளும். அடுத்த கருத்தரிப்புக்கு அது இடைஞ்சல். அதே காரணத்தால், கர்ப்பப்பை அழுக்கு இறங்க என்று யாராவது கொடுக்கும் கஷாயமும் லேகியமும் வேண்டாம். இறங்க அங்கே ஒன்றும் இல்லை.

இந்த அறிகுறிகள் வந்தால் மட்டும் எனக்காகக் காத்திருக்காதே: ஒரு மணி நேரத்துக்கு இரண்டு பேடு முழுக்க நனைந்து, அப்படியே இரண்டு மணி நேரம் தொடர்ந்தால், எழுந்தால் கண் இருட்டி மயக்கம் வந்தால், காய்ச்சல் 100.4 டிகிரியைத் தாண்டினால். படுவதில் துர்நாற்றம் அடித்தால். அடிவயிற்று வலி மாத்திரைக்கும் அடங்காமல் கூடிக்கொண்டே போனால். இரவு இரண்டு மணி என்றாலும் 108க்குப் போன் செய்துவிட்டு ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனைக்குப் போய்விடு. 'காலையில் பார்த்துக்கொள்வோம்' என்று வீட்டில் சொன்னாலும் கேட்காதே.

இரத்த வகையைப் பற்றிப் பலரும் மறந்துவிடுவார்கள். உனக்கு பி பாசிட்டிவ், கவலை இல்லை. நெகட்டிவ் வகைப் பெண்ணாக இருந்து, கணவர் பாசிட்டிவ் என்றால், கரு கலைந்த 72 மணி நேரத்துக்குள் 'ஆன்டி-டி' ஊசி தேவையா என்று மருத்துவரிடம் கேட்டே ஆக வேண்டும்.

உன்னிடம் நான் உண்மையில் கவலைப்படுவது ஹீமோகுளோபின். கலையும் முன் 10.4 இருந்தது, இப்போது 9.2. களைப்பும் படபடப்பும் அதனால்தான். 'மனசு சரியில்லை' என்று எல்லாவற்றையும் அதன் தலையில் போடாதே. இரும்புச் சத்து மாத்திரையை இரவு சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் கழித்துப் போடு. வயிற்றைப் பிரட்டினால் சாப்பாட்டோடு போடு. டீயும் பாலும் மாத்திரைக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் கூடாது. அவை இரும்பைச் சேர விடாது. ஒரு நெல்லிக்காயோ எலுமிச்சைச் சாறோ சேர்த்துக்கொண்டால் நன்றாகச் சேரும். மலம் கறுப்பாகப் போகும், பயப்படாதே. அளவு சரியான பிறகும் மாத்திரையை நிறுத்தாதே. உடம்பில் இருப்புச் சேர மூன்று மாதம் வேண்டும்.

சாப்பாட்டில் பத்தியம் வேண்டாம். பிள்ளை பெற்றவளைப் போல உன்னை அறையில் வைத்து, தண்ணீர் அளந்து கொடுத்து, மிளகு ரசச் சோறு மட்டும் போடுவதாகக் கேள்விப்பட்டேன். அன்போடுதான் செய்கிறார்கள், தெரியும். ஆனால் இரத்தம் இழந்தவளுக்குக் கறியும் மீனும் முட்டையும் கீரையும் பயறும்தான் வேண்டும். தண்ணீர் தாகத்துக்குக் குடிக்க வேண்டும். தினமும் குளிக்கலாம். படுவது நிற்கும் வரை ஆற்றில் முங்கிக் குளிப்பதையும் குற்றாலம் போவதையும் தள்ளி வை. வீட்டில் மொண்டு ஊற்றிக் குளி. கணவரோடு சேர்வதும் படுவது நின்ற பிறகு, உனக்கு மனம் இருக்கும்போது. மனம் இல்லை என்றால் அது குறை இல்லை.

தொழுகையைப் பற்றி நீ காகிதத்தின் பின்பக்கம் சிறிதாக எழுதியிருந்ததையும் பார்த்தேன். இந்த இரத்தம் நிஃபாஸா, ஹைளா, இஸ்திஹாளாவா என்பதை மார்க்க அறிஞர்தான் சொல்ல வேண்டும். மத்ஹபுக்கு மத்ஹப் சட்டம் வேறுபடும். நான் தரக்கூடியது அவர் கேட்கும் விவரத்தைத்தான்: கரு ஏழு வார அளவில் நின்றது, வெளியேறியபோது மனித உருவம் தெளிவாகத் தெரிந்ததாகக் குறிப்பு இல்லை, ஆகஸ்ட் 7 முதல் இரத்தம் அதிகமாகப் போனது. இந்த மூன்றையும் ஆலிமாவிடம் சொல். விட்டுப்போன நோன்புகள் இருந்தால், 9.2 ஹீமோகுளோபினோடு இப்போது களா செய்ய அவசரப்படாதே; இரத்தம் ஏறிய பிறகு பிடி.

இனி நான்காவது கேள்வி. உன்னிடம் ஆறு மாதம் பொறு என்று ஒருவர் சொன்னார், ஒரு வருடம் என்று இன்னொருவர் சொன்னார். ஆறு மாதக் கணக்கு எங்கிருந்து வந்தது என்றால், 2005இல் உலக சுகாதார அமைப்பு கூட்டிய நிபுணர் குழு அப்படிப் பரிந்துரைத்தது. நானும் பல வருடம் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு 2010இல் ஸ்காட்லாந்தில், முதல் கர்ப்பம் கலைந்த 30,000க்கும் மேற்பட்ட பெண்களின் மருத்துவமனைப் பதிவுகளைப் பார்த்து ஓர் ஆய்வு வந்தது. ஆறு மாதத்துக்குள் மறுபடி கருத்தரித்தவர்களுக்கு, காத்திருந்தவர்களைவிட மீண்டும் கலைவது குறைவாகவே இருந்தது. அதற்குப் பின் வந்த ஆய்வுகளும் சீக்கிரம் முயல்வதால் கெடுதல் கண்டதில்லை. ஆகவே சாதாரணமாகக் கலைந்த ஒருவரிடம், ஒரு மாதவிலக்கு வரட்டும், பிறகு உங்கள் விருப்பம் என்கிறேன். அந்த ஒரு மாதவிலக்கும் கர்ப்பப்பைக்காக இல்லை. அடுத்த கர்ப்பத்தின் நாளைச் சரியாகக் கணக்கிடத்தான். மாதவிலக்கு வராமலே கருத்தரித்துவிட்டாலும் அது ஆபத்து இல்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. கலைந்த பின் மாதவிலக்கு வர நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். ஆனால் முட்டை அதற்கு முன்பே, சிலருக்கு இரண்டாம் வாரத்திலேயே வந்துவிடும். 'இன்னும் குளிக்கவில்லையே' என்று நம்பியிருந்து மறுபடி கர்ப்பமாகி வருபவர்கள் உண்டு. வேண்டாம் என்று நினைக்கும் வரை உன் கணவர் உறை பயன்படுத்தட்டும். இன்னொரு குழப்பம்: சிறுநீர் டெஸ்டில் கலைந்த பிறகும் மூன்று நான்கு வாரம் இரண்டு கோடு காட்டலாம். பழைய ஹார்மோனின் மிச்சம் அது. ஆகஸ்ட் 28க்குப் பிறகு ஒரு முறை டெஸ்ட் செய்து பார். ஒரு கோடு வர வேண்டும். இரண்டு கோடு வந்தால் என்னிடம் வா.

உன் விஷயத்தில் நான் ஒரு மாதவிலக்கு என்று சொல்லாமல் இரண்டு மூன்று மாதம் என்று சொல்வதற்குக் காரணம் 9.2தான். அது 11ஐத் தொடட்டும். இரத்தம் குறைந்த உடம்போடு அடுத்த கர்ப்பத்தைத் தொடங்கினால் பிரசவத்தில் கஷ்டப்படுவாய். அந்த மாதங்களில் ஃபோலிக் அமிலம் 400 மைக்ரோகிராம் மாத்திரை தினம் ஒன்று போடு. பிள்ளையின் முதுகுத்தண்டும் மூளையும் உருவாவது கர்ப்பம் என்று தெரிவதற்கு முன்பே தொடங்கிவிடுவதால், கருத்தரிப்பதற்கு ஒரு மாதம் முன்பாவது தொடங்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பார். விலைக்கு வாங்கினாலும் சொற்ப காசுதான்.

பரிசோதனைகளைப் பற்றி. இரண்டாயிரம், மூவாயிரம் கொடுத்து 'டார்ச் டெஸ்ட்' எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்றாய். வேண்டாம். பழைய தொற்றின் சுவடு பெரும்பாலான பெண்களின் இரத்தத்தில் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு வீண் பயமும் வீண் மருந்தும்தான் மிஞ்சும். ஒரு முறை கலைந்ததற்குப் பெரிய பரிசோதனை எதுவும் தேவை இல்லை. உன் உம்மாவுக்குச் சர்க்கரையும் தைராய்டும் இருப்பதால் அவை இரண்டையும் மட்டும் எழுதியிருக்கிறேன். அவை சரியில்லாவிட்டால் கலையும் வாய்ப்பு கூடும், மருந்தால் சரிசெய்யவும் முடியும். அல்லாஹ் காப்பானாக, இரண்டாவது முறையும் இப்படி நடந்தால் அப்போது கர்ப்பப்பையின் வடிவத்துக்கு ஸ்கேன், இரத்தம் உறையும் தன்மைக்கான ஆன்டிபாடி டெஸ்ட் என்று தேடத் தொடங்குவோம். வெளியேறிய திசுவைப் பத்திரப்படுத்திக் குரோமோசோம் பார்ப்பதும் அப்போது பயன்படும். இப்போது தேட வேண்டியதில்லை. ஒரு முறை கலைந்தவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு அடுத்த கர்ப்பம் நல்லபடியாகத் தங்குகிறது.

அடுத்த முறை நாள் தள்ளினால் உடனே கிராம சுகாதாரச் செவிலியரிடம் பதிவு செய்யும்போது இதை மறைக்காமல் சொல். முதல் கர்ப்பம் என்று சொல்லிவிடுகிறவர்கள் அதிகம். ஏழு வாரம் முடியும்போது ஒரு ஸ்கேன் போதும். அதற்கு முன் எடுத்தால் துடிப்பு தெரியாமல் நீ வீணாகப் பயப்படுவாய். அந்தக் கர்ப்பத்தில் சிறிது இரத்தம் பட்டாலும் அன்றே வா. முன்பு ஒரு முறை கலைந்து, இப்போதும் படுகிறது என்றால், புரொஜெஸ்டிரான் மருந்தால் சிலருக்குப் பலன் உண்டு. இரண்டு மூன்று முறை கலைந்தவர்களிடம் பலன் கூடுதலாகத் தெரிந்திருக்கிறது. இரத்தம் படாதவர்களுக்கு முன்கூட்டியே அதைக் கொடுப்பதில் பலன் தெரியவில்லை. கட்டிலோடு கட்டிலாகப் படுத்திருப்பதாலும் கர்ப்பம் தங்காது.

நீ கேட்காத ஒன்றை நானே சொல்கிறேன். இரவில் தூக்கம் வரவில்லை, பிறந்த குழந்தையைப் பார்க்கப் போக மனம் வரவில்லை என்று உன் மாமி குறையாகச் சொன்னார்கள். ஒன்பது வாரம்தானே என்றார்கள். நீ பெயர் வரை யோசித்திருப்பாய். அழுகை சில வாரத்தில் மெல்லக் குறையும். ஒரு மாதம் கழித்தும் சாப்பாடு இறங்கவில்லை, எதிலும் பிடிப்பில்லை, இருந்து என்ன பயன் என்ற எண்ணம் வருகிறது என்றால் அதையும் காய்ச்சலைப் போல என்னிடம் சொல்ல வேண்டும். அதற்கும் சிகிச்சை இருக்கிறது. இப்போதைக்குக் குழந்தை பிறந்த வீட்டுக்குப் போகாமல் இருந்தால் யாரும் உன்னைக் கட்டாயப்படுத்த வேண்டாம். இந்த வரி மாமிக்கு.

தைராய்டு, சர்க்கரை ரிப்போர்ட் இரண்டையும் எடுத்துக்கொண்டு அடுத்த மாத ஆலோசனைக்கு வா. காலையில் வெறும் வயிற்றில் இரத்தம் கொடுத்துவிட்டுப் பிறகு சாப்பிடு. முடிந்தால் உன் கணவரை அழைத்து வா. அவரிடமும் நான் பேச வேண்டும். அவர் வெளியில் பைக்கில் உட்கார்ந்திருக்க வேண்டாம், உள்ளே வரட்டும்.

வஸ்ஸலாம்.

உன் டாக்டரம்மா
பாளையங்கோட்டை
ஆகஸ்ட் 22